ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு வர முடியாதபோது சூப்பர்வைசருக்கு எப்படி எழுதுவது: முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓசூர் சிப்காட்டில் பல லைன்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் வரும்: "நாளைக்கு ஓ.டி. யார் யார் வர்றீங்க?" அதற்கு வரும் பதில்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "முடியாது சார்." "ஊர்ல வேலை இருக்கு." "பாக்கலாம்ணா." பார்த்துவிட்டுப் பதிலே போடாதவர்கள் மீதிப் பேர்.

இப்படி எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வர முடியாததற்கு நிஜமான காரணம் இருக்கிறது. பாலக்கோடு பக்கம் தோட்டம் இருக்கும், காவேரிப்பட்டணத்தில் கைக்குழந்தை இருக்கும், அல்லது வாரம் முழுக்க நின்று வேலை பார்த்த கால் வலிக்கும். அந்தக் காரணம் மெசேஜில் இல்லாததால் படிக்கிறவருக்கு "இவனுக்கு இஷ்டமில்லை" என்பது மட்டும்தான் போய்ச் சேருகிறது. அடுத்த மாதம் லீவு கேட்கும்போதும், ஷிஃப்ட் மாற்றிக் கேட்கும்போதும் அதுதான் அவர் நினைவில் இருக்கும். ஷிஃப்ட் பொறுப்பில் இருந்து இந்தப் பதில்களை வாங்கியிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் இதே பதில்களை அனுப்பியவன்தான். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பதிலை வைத்து அவர் என்ன செய்கிறார்

ஞாயிறு ஓ.டி. என்றால் சூப்பர்வைசருக்கு சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தலைக்கணக்கு வேண்டும். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எந்த மெஷினை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்வார். கேன்டீனுக்கு சாப்பாட்டு எண்ணிக்கை சொல்ல வேண்டும். கம்பெனி பஸ் வைப்பதா, வேன் போதுமா என்று டிரான்ஸ்போர்ட்டில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய் "நாளைக்கு இத்தனை பீஸ்தான் வரும்" என்று சொல்லி, அங்கே திட்டும் வாங்க வேண்டும்.

அந்த இடத்தில் அவர் கையில் "ஊர்ல வேலை இருக்காம் சார்" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் மேனேஜர் அதை ஏற்கப் போவதில்லை. "காலைல ஆறு மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும் தக்காளி பறிப்பாம், அப்பாவுக்கு அடிபட்டிருக்காம், திங்கட்கிழமை நாலு மணி நேரம் கூட நிக்கிறேன்னு சொல்றான்" என்று சொல்ல முடிந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். ஓசூரில் இன்னொன்றும் உண்டு. மேலே இருப்பவர் கன்னடமோ, தெலுங்கோ, இந்தியோ பேசுகிறவராக இருக்கலாம். உங்கள் மெசேஜ் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும். வழியில் அழகான வார்த்தைகள் எல்லாம் உதிர்ந்துவிடும். கிழமை, மணி, காரணம் ஆகிய மூன்றும்தான் கடைசிவரை போய்ச் சேரும். ஆகவே உங்களுக்காக அவர் மேலே பேசுவதற்கு என்ன வேண்டுமோ அதை எழுதுங்கள்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். தலைக்கணக்கு எடுப்பவருக்கு "முடியாது" என்பதைவிட "பாக்கலாம்" அதிகத் தொல்லை. "முடியாது" என்றால் வேறு ஆளைத் தேடுவார். "பாக்கலாம்" என்றால் உங்களைப் பாதி எண்ணிக்கையில் வைத்திருப்பார், காலை ஆறு மணிக்கு மெஷின் காலியாக நிற்கும். மரியாதைக்காக "பாக்கலாம்" போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த மரியாதை திங்கட்கிழமை காலையில் கோபமாகத் திரும்பி வரும்.

படி 1: தோன்றிய பதிலை எழுதுங்கள், அனுப்பாதீர்கள்

மனதில் வந்ததை அப்படியே எழுதுங்கள். ஆனால் அந்தக் குழுவுக்குள்ளேயே தட்டாமல், உங்கள் எண்ணுக்கே அனுப்பிக்கொள்ளும் சாட்டிலோ போன் நோட்ஸிலோ எழுதுங்கள். கை தவறிப் போனால் திரும்ப எடுக்க முடியாது. டெலிட் செய்தாலும் டெலிட் செய்தது தெரியும்.

எழுதியதைப் பார்த்து உங்களையே கேளுங்கள்: நாளைக்கு எந்த மணியிலிருந்து எந்த மணி வரைக்கும் நான் எங்கே இருந்தாக வேண்டும்? அந்த இடத்தில் நான் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எனக்குப் பதில் வேறு ஒருவர் நிற்க முடியுமா? அந்த வேலையை வேறு நாளுக்குத் தள்ள முடியுமா?

இவற்றுக்குப் பதில் எழுதும்போதே சிலருக்கு விஷயம் மாறிவிடும். ஞாயிறு முழுக்க வேலை என்று நினைத்தது உண்மையில் காலை பதினொரு மணியோடு முடிகிற வேலையாக இருக்கும். அப்போது இரண்டு மணி ஷிஃப்டுக்கு வர முடியுமா என்பது உங்கள் முடிவு. வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கே தெளிவில்லாத காரணத்தை அடுத்தவருக்குத் தெளிவாக எழுத முடியாது.

படி 2: நிஜக் காரணத்தைப் பிடியுங்கள்

இந்தப் படிதான் கடினம். பலர் நிஜக் காரணம் சின்னதாகத் தெரியும் என்று பயந்து பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். பாட்டியை ஒவ்வொரு வருஷமும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அன்று மத்தியானம் ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்த போட்டோ ஸ்டேட்டஸில் வருகிறது. வைத்தவர் அவராக இருக்கவே வேண்டாம். கூடப் போன மச்சான் வைத்தாலே போதும். அதற்குப் பிறகு நிஜமாகவே வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் நம்ப ஆள் இருக்காது.

ஒகேனக்கல் போவதுதான் காரணம் என்றால் அதையே எழுதலாம். "நாளைக்குக் குடும்பத்தோட வெளிய போறோங்க சார், போன வாரமே வண்டி பேசிட்டோம்." இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முன்கூட்டியே முடிவானது, மற்றவர்களும் சம்பந்தப்பட்டது என்ற இரண்டும்தான் இங்கே தடை, அவை இரண்டும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன.

உடம்பு, குடும்பத்துக்குள் உள்ள சிக்கல், கடன் விவகாரம் போன்றவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பொய்யும் வேண்டாம். "உடம்பு சம்பந்தமா ஒரு காரணம் இருக்குங்க சார், நாளைக்கு முழுநாளும் வர இயலாது" என்பது போதும். எந்த வகைக் காரணம், எவ்வளவு நேரம் என்பது தெரிந்தால் தலைக்கணக்கு நடந்துவிடும். மேற்கொண்டு கேட்டால் "நேர்ல சொல்றேங்க சார்" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

படி 3: வரிசையாக அடுக்குங்கள்

முதல் வரியிலேயே முடிவு இருக்க வேண்டும்: எந்த நாள், எந்த ஷிஃப்ட், வர முடியாது. நம் ஊர்ப் பழக்கத்தில் நலம் விசாரித்து, சூழ்நிலை சொல்லி, கடைசியில்தான் இல்லை என்போம். நேரில் பேசும்போது அது சரி. போன் திரையில் நோட்டிஃபிகேஷனாக முதல் வரி மட்டும்தான் தெரியும், லைனில் நிற்கிற மனிதர் அதை மட்டும்தான் படிப்பார்.

இரண்டாவதாகக் காரணம், மணியோடு. மூன்றாவதாக, வேறு யாரும் அதைப் பார்க்க முடியாதது ஏன் என்று ஒரு வரி. கடைசியாக, உங்களால் நிஜமாகவே செய்ய முடிந்த ஏதாவது இருந்தால் அது. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். "அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன்" என்று வாய்க்கு வந்ததைப் போட்டால், அடுத்த சனிக்கிழமை உங்கள் பெயர் கேட்காமலே பட்டியலில் ஏறியிருக்கும்.

ஒரு மெசேஜை முழுதாகத் திருத்திப் பார்ப்போம்

ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு சி.என்.சி. ஆபரேட்டர். ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில். ஏ ஷிஃப்ட், காலை 6 முதல் மதியம் 2 வரை. சனிக்கிழமை மூன்று மணிக்கு சூப்பர்வைசர் ஞாயிறு ஏ ஷிஃப்ட் ஓ.டி.க்குக் கேட்கிறார். இவர் முதலில் தட்டியது:

"சார் நாளைக்கு ஆகாது. ஊர்ல வேலை இருக்கு."

மோசமான வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் எந்த வேலை, எவ்வளவு நேரம், ஏன் இவரே என்று ஒன்றும் இல்லை. இந்த மெசேஜுக்கு "எல்லாருக்கும்தான் ஊர்ல வேலை இருக்கு" என்று பதில் வரும், அது நியாயமான பதிலும்கூட.

மரியாதையாக எழுதச் சொன்னால் பலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் தவறாக நினைக்க வேண்டாம். தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் வர இயலாத நிலை உள்ளது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தயவுசெய்து மன்னிக்கவும்."

பள்ளிக்கூட லீவ் லெட்டர் போல இருக்கிறது. தினமும் டீக்கடையில் பக்கத்தில் நிற்கிற மனிதருக்கு இப்படி எழுதினால் கிண்டல் செய்கிறானோ என்றுகூடத் தோன்றும். அதைவிட முக்கியமாக, இத்தனை வார்த்தைக்கும் "குடும்பச் சூழ்நிலை" என்பதைத் தாண்டி ஒரு தகவலும் இல்லை. பணிவு கூடியிருக்கிறது, விஷயம் முதல் மெசேஜ் அளவிலேயே நிற்கிறது.

இப்போது அந்தக் கேள்விகளை அவரிடம் கேட்டால் கிடைப்பது இது. அரை ஏக்கர் தக்காளி. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பறிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ராயக்கோட்டை மண்டிக்கு வண்டி ஏற்ற வேண்டும். அப்பா வழுக்கி விழுந்து காலில் கட்டு, தக்காளிப் பெட்டி தூக்க முடியாது. பழம் சிவந்துவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டால் வெடிக்கும், மண்டியில் விலை போகாது. திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கூடுதலாக நிற்க முடியும். இதிலிருந்து எழுதியது:

"வணக்கம் சார். நாளைக்கு ஞாயிறு ஏ ஷிஃப்ட் ஓ.டி.க்கு வர முடியாதுங்க. ஊர்ல தக்காளி பறிப்பு, காலைல 6 மணிக்கு ஆள் வர்றாங்க, 12 மணிக்கு வண்டி ஏத்தணும். அப்பாவுக்குக் கால்ல அடிபட்டிருக்கு, தூக்கி ஏத்த நான்தான் நிக்கணும். திங்கட்கிழமை 2 மணிக்கு மேல 6 மணி வரைக்கும் இருந்து ஓட்டித் தர்றேங்க சார். வேணும்னா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

மன்னிப்பு இதில் இல்லை, தேவையும் இல்லை. "ங்க" என்று சேர்ப்பதே தர்மபுரிப் பக்கத்துக்குப் போதுமான மரியாதை. மழை வரும்போல இருக்கிறது, தக்காளி விலை இப்படி, உரம் அப்படி என்பதையெல்லாம் விட்டுவிட்டார். அப்பாவின் கால் மட்டும் இருக்கிறது, ஏனென்றால் "வேறு யாராவது பார்க்கட்டுமே" என்ற கேள்விக்கு அதுதான் பதில். கடைசி வரி சின்னதுதான், ஆனால் அவசியமானது. கெடு வைக்காவிட்டால் திங்கட்கிழமை இரண்டு மணிக்கு இவர் காத்திருப்பார், அவர் மறந்திருப்பார்.

திரும்பி வரும் பதிலைப் படிப்பது எப்படி

"சரி" அல்லது "திங்கள் சொல்றேன்" என்று வந்தால் முடிந்தது. மேலே ஒன்றும் எழுத வேண்டாம். நன்றி போட்டு, மறுபடி விளக்கம் போட்டு, முடிந்த பேச்சைத் திறக்காதீர்கள்.

"என்ன வேலை? எப்ப முடியும்?" என்று கேட்டால் உங்கள் மெசேஜில் ஏதோ விட்டுப் போயிருக்கிறது. அதை மட்டும் சொல்லுங்கள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்று வந்தால் அவருக்குப் புரிந்திருக்கிறது, அழுத்திப் பார்க்கிறார். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முதல் காரணம் போதவில்லை என்று நினைத்து இரண்டாவது காரணத்தைச் சேர்ப்பார்கள்: "அதுமட்டுமில்ல சார், எனக்குக் கொஞ்சம் காய்ச்சலும் இருக்கு." அந்த நிமிஷமே முதல் காரணமும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். புதிதாக எதையும் சேர்க்காமல் சொன்னதையே சுருக்கமாகச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஆபரேட்டரிடம் "பறிப்பைத் திங்கட்கிழமைக்கு மாத்தேன்" என்று கேட்டால்:

"ஆளுக்கும் வண்டிக்கும் சொல்லியாச்சுங்க சார், தள்ளினா பழம் வெடிச்சிடும். நாளைக்கு முடியாதுங்க. திங்கள் 2லிருந்து 6 கண்டிப்பா நிக்கிறேன்."

மூன்றாவது முறையும் கேட்டால் போன் செய்து பேசுங்கள். எழுத்தில் இதற்கு மேல் போனால் வார்த்தை தடிக்கும்.

களைப்பு மட்டும்தான் காரணம் என்றால்

இதை எழுத எல்லோரும் தயங்குகிறார்கள், சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று. ஆனால் பிரஸ் மெஷினில் கை வைத்து வேலை செய்கிறவருக்குக் களைப்பு வெறும் அசதி இல்லை. விரல் போகிற விஷயம். "டயர்டா இருக்கு சார்" என்று எழுதாமல், களைப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்:

"சார், நாளைக்கு ஓ.டி.க்கு வர முடியாதுங்க. இந்த வாரம் புதன், வெள்ளி ரெண்டு நாளும் டபுள் ஷிஃப்ட் பார்த்தேன், போன ஞாயிறும் வந்தேன். இதுக்கு மேல பிரஸ்ல நின்னா கவனம் தப்பும், ஒரு நாள் தூங்கி எழுந்தாத்தான் சரியாகும். திங்கள் வழக்கம்போல 6 மணிக்கு இருப்பேங்க."

நீங்கள் சொல்கிற நாட்கள் எல்லாம் பஞ்சிங்கில் பதிவாகியிருக்கும். அவர் சரிபார்க்கலாம் என்பதுதான் இந்த மெசேஜின் பலம். இங்கே மாற்று நேரம் எதையும் தரவில்லை என்பதையும் கவனியுங்கள். ஓய்வுதான் தேவை என்னும்போது இன்னொரு கூடுதல் நேரத்தைத் தர முன்வந்தால் சொன்னதே பொய்யாகிவிடும்.

ஒவ்வொரு ஞாயிறும் வர முடியாதவர்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு சுமார் 50 கிலோமீட்டர். கம்பெனி பஸ்ஸை நம்பி வரும் பெண்களுக்கு ஞாயிறு பஸ் ஓடாவிட்டால் அந்த வேலையே வேறு வேலையாகிவிடும். அங்கன்வாடியும் அன்று மூடியிருக்கும். இது ஒரு வாரத்துத் தடை இல்லை, நிரந்தரத் தடை. தொலைதூரக் கல்வியில் ஞாயிறு வகுப்புக்குப் போகிறவர்களுக்கும், தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக மறுத்துக்கொண்டிருந்தால், அது ஒவ்வொரு முறையும் மறுப்பாகவே சேர்ந்துகொண்டு போகும். அதைவிட, பரபரப்பு இல்லாத ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை நேரில் ஒருமுறை சொல்லிவிட்டு, அன்றே எழுத்தில் போட்டுவிடுவது நல்லது:

"மேடம், காலைல பேசினது பத்தி. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் இல்லாததால கிருஷ்ணகிரியிலிருந்து வர எனக்கு வழி இல்லைங்க. மூணு வயசுக் குழந்தையைப் பாத்துக்கவும் அன்னிக்கு ஆள் இல்லை. அதனால ஞாயிறு ஓ.டி.க்கு என் பேரைச் சேர்க்க வேண்டாம். வார நாள்ல சாயங்கால பஸ் கிளம்பற வரைக்கும் கூடுதல் வேலை இருந்தா நிக்கிறேன். ஞாயிறு பஸ் வச்சா சொல்லுங்க, அப்ப யோசிச்சுச் சொல்றேன்."

இதில் "ஞாயிறு பஸ் வச்சா" என்ற வரி தடை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. பஸ் இல்லாததால் பலர் வருவதில்லை என்று மேலே தெரிந்தால் வேன் ஏற்பாடு நடக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் பஸ் வைத்தாலும் வர மாட்டீர்கள் என்றால் அந்த வரியை எழுதாதீர்கள். குழந்தையை மட்டும் சொல்லுங்கள்.

குழுவிலா, தனியாகவா

காரணத்தைத் தனியாக அனுப்புங்கள். குழுவில் ஒருவர் "வர முடியாது, தக்காளி பறிப்பு" என்று போட்டால் அடுத்த ஐந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒரு பறிப்பு வந்துவிடும். அதை ஆரம்பித்தவர் என்ற பெயர் உங்களுக்கு நிற்கும். குழுவில் பெயர் கேட்டால் "நான் நாளைக்கு இல்லைங்க சார், தனியா மெசேஜ் போட்டிருக்கேன்" என்பது போதும். கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள் அதே மெசேஜைக் கான்ட்ராக்டரின் ஆளுக்கும் அனுப்பிவிடுங்கள். சூப்பர்வைசர் சரி என்று சொன்னது அவருக்குத் தெரியாமல், சொல்லாமல் நின்றதாக எழுதிவிடுவது நடக்கிறது.

கேள்வி வந்த ஒரு மணி நேரத்துக்குள் பதில் போய்விட வேண்டும். இரவு பத்து மணிக்கு அனுப்பிய அருமையான மெசேஜைவிட மூன்றரை மணிக்கு அனுப்பிய சுமாரான மெசேஜ் அவருக்கு உபயோகம்.

சட்டத்தைச் சொல்லலாமா

ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பு, தொழிலாளியின் சம்மதத்தோடுதான் ஓவர்டைம் வாங்க வேண்டும் என்கிறது. இதைத் தெரிந்து வைத்திருங்கள், முதல் மெசேஜில் போடாதீர்கள். தக்காளி பறிப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் சட்டத்தைச் சொன்னால் சூப்பர்வைசர் அதை எச்.ஆருக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். உங்களுக்காகப் பேச ஆள் இல்லாமல் போகும். மறுத்ததற்காகச் சம்பளம் பிடித்தாலோ, வேலையை விட்டு நிறுத்துவேன் என்று எழுத்தில் வந்தாலோ அது வேறு விவகாரம். அப்போது மேலே சொன்ன மாதிரி மணியும் காரணமும் போட்டு மரியாதையாக எழுதிய பழைய மெசேஜ்கள்தான் உங்கள் பக்கத்து ஆதாரம். அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யூனியனிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சொன்னதைச் செய்யும் நாள்

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு மேல் நிற்கிறேன் என்று எழுதியிருந்தால், அன்று காலை ஷிஃப்டுக்குள் நுழையும்போதே ஒரு வார்த்தை: "சார், இன்னிக்கு ஆறு வரைக்கும் இருக்கேன், எந்த மெஷின்?" வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போங்கள், உங்கள் பக்கம் முடிந்தது. வேண்டும் என்றால் நில்லுங்கள், அந்த நாலு மணி நேரம் ஓ.டி. ரெஜிஸ்டரில் ஏறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். ஞாயிறுக்குப் பதிலாகத்தானே நின்றாய் என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. ஞாயிறு நீங்கள் வராதது கடன் அல்ல. திங்கட்கிழமை நாலு மணி நேரம் தனி ஓவர்டைம், அதற்குரிய கூலி உங்களுக்கு வர வேண்டும்.